தட்டைக்குப் பொட்டு, கனத்துக்குக் கூடை: மூன்று வருடமாக வகுப்பில் ஆடிப் பார்த்த அனுபவம்

திருப்பூருக்கும் அவினாசிக்கும் நடுவில் ஒரு சின்னப் பள்ளியில் எல்கேஜி எடுக்கிறேன். பதினெட்டுக் குழந்தைகள், எல்லாருக்கும் நாலு வயது, முக்கால்வாசி பேருக்கு அப்பாவோ அம்மாவோ பனியன் கம்பெனி வேலை. வகுப்புக்குள் சுற்றி வடிவம் தேடுகிற விளையாட்டை, தட்டையான வடிவம் தனி, கன வடிவம் தனி என்று பிரிக்கிற மாதிரி, மூன்று வருடமாக நடத்துகிறேன். இதில் முதல் வருடம் முழுக்க நான் தப்பாகத்தான் நடத்தினேன். எங்கே தப்பு என்று புரிய நாளானது, அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

முதல் வருடம் இரண்டு கூடை வைத்தேன். நீலக் கூடையில் தட்டை, மஞ்சள் கூடையில் கனம். வடிவப் பெட்டி என்று கடையில் விற்கிற பிளாஸ்டிக் வட்டம், சதுரம், முக்கோணத்தை எல்லாம் நீலக் கூடையில் மாதிரிக்குப் போட்டேன். ஒரு பையன் யூகேஜி அறையிலிருந்து கேரம் காய் ஒன்றை எடுத்து வந்து "வட்டமுங்க மிஸ்" என்று நீலக் கூடையில் போட்டான். சரி என்று தலையாட்டினேன். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் கேரம் காய் கொண்டு வந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மிணி அதையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மிஸ், இப்ப இது டப்பா ஆயிருச்சுங்க, அந்தக் கூடைக்குப் போகோணுமுங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. தட்டை ஐந்தை அடுக்கினால் எப்படிக் கனம் வரும்? அந்தக் காய் முதலிலிருந்தே குட்டை உருளைதான், தட்டை என்று சொன்னது நான்தான்.

அன்றைக்கு ராத்திரி யோசித்தபோதுதான் உறைத்தது. கையில் எடுக்க முடிகிற எதுவுமே தட்டை வடிவம் இல்லை. பிளாஸ்டிக் சதுரத்துக்கும் கனம் இருக்கிறது, அட்டைக்கும் இருக்கிறது, காகிதத்துக்கே கொஞ்சம் இருக்கிறது. தட்டை வடிவம் என்பது ஒரு பொருளின் முகத்திலோ, கோட்டிலோ, படத்திலோ இருப்பது. அதைத் தொடலாம், விரலால் சுற்றி வரலாம், எடுத்துக்கொண்டு வர முடியாது. அப்படியானால் "தட்டை வடிவம் கொண்டு வா" என்று குழந்தையிடம் சொன்னதே தப்பு.

இரண்டாம் வருடம் நீலக் கூடையை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் ஸ்டிக்கர் பொட்டு. தட்டை வடிவத்தைக் கண்டுபிடித்தால் அது இருக்கிற இடத்திலேயே பொட்டு வைக்க வேண்டும். தூக்க முடிகிற கன வடிவம் என்றால் கூடைக்கு வர வேண்டும். தரை ஓட்டின் சதுரத்துக்குப் பொட்டு, கதவின் செவ்வகத்துக்குப் பொட்டு, பவானி ஜமக்காளத்தில் ஒவ்வொரு பட்டைக்கும் பொட்டு. பந்து, சாக்பீஸ் டப்பா, அரிசி அளக்கிற படி, நூல் கோன் எல்லாம் கூடைக்கு. இந்த ஒரு மாற்றத்தில் பாதிக் குழப்பம் போய்விட்டது, ஏனென்றால் வித்தியாசம் வாயில் இல்லை, கையிலேயே இருக்கிறது.

இதில் நான் மறக்காத ஒரு நாள் உண்டு. சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் லட்டுப் படம். ஒரு குட்டிப் பையன் அதைப் பார்த்ததும் கூடைக்குக் கொண்டு போக ஓடினான், லட்டு உருண்டைதானே. விரலை மடக்கிக் கிள்ளிப் பார்த்தான், வழவழவென்று வழுக்கியது. இரண்டு தடவை முயன்றுவிட்டு என் பக்கம் திரும்பி, "எடுக்க வரலீங்க மிஸ், பொட்டுத்தானுங்க" என்றான். உருண்டையின் படம் வட்டம் என்பதை நான் ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை.

சொற்களில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. கனசதுரம் என்ற பெயருக்குள்ளேயே சதுரம் உட்கார்ந்திருக்கிறது, கனச்செவ்வகத்துக்குள் செவ்வகம். அதனால் ஒரு குழந்தை பகடையைக் காட்டிச் சதுரம் என்றால் தப்பு என்று உடனே வெட்டிவிடாதீர்கள். "எங்க இருக்குது கண்ணு, தொட்டுக் காட்டு" என்று கேளுங்கள். ஒரு முகத்தில் உள்ளங்கையை வைத்தால் அந்தக் குழந்தை சரியாகத்தான் சொல்கிறது. பகடை முழுவதையும் பொத்திப் பிடித்துக்கொண்டு சதுரம் என்றால்தான் இன்னும் பிரியவில்லை என்று அர்த்தம். நான் இப்போதெல்லாம் முதல் இரண்டு மாதம் பந்து, டப்பா, குழாய் என்றே விட்டுவிடுகிறேன், கோளம், உருளை என்ற பெயர்கள் அப்புறம் வரட்டும்.

மூன்றாம் வருடம் வரிசையையும் மாற்றினேன். முதலில் கனம், பிறகுதான் தட்டை. கிண்டர்கார்டன் என்ற பெயரைக் கொடுத்த ஃப்ரோபல் 1837-ல் ஜெர்மனியில் தொடங்கிய பள்ளிக்காகச் செய்த மரச் சாமான்களிலும் இதே வரிசைதான். கோளம், கனசதுரம், உருளை முன்னால் வரும், தட்டைத் துண்டுகள் ரொம்பப் பின்னால். நாம் புத்தகத்தில் படம் காட்டித் தொடங்கி, கடைசியில் பொருளுக்குப் போகிறோம்.

கனத்திலிருந்து தட்டையை எடுக்க அச்சுப் பதிக்கிறோம். பச்சரிசி மாவைத் தோசை மாவை விடக் கொஞ்சம் தண்ணியாகக் கரைத்து, மடித்த பழைய துணியில் ஊற்றி, ஒரு தட்டில் வைத்துவிடுவேன். பொருளின் ஒரு பக்கத்தை அதில் ஒற்றி, சிவப்பு சிமெண்டுத் தரையில் அழுத்தி எடுக்க வேண்டும். காய்ந்ததும் வெள்ளையாகத் தெரியும். கடையில் விற்கிற கல்மாவு வேண்டாம், கை வாய்க்குப் போகிற வயது. தீப்பெட்டி செவ்வகம் போடும், அதையே நிமிர்த்தி வைத்தால் இன்னொரு செவ்வகம். நூல் கோன் அடியில் பெரிய வட்டம், நுனியில் சின்ன வட்டம். பந்து ஒரு புள்ளி மட்டும் வைக்கும், அதைப் பார்த்துச் சிலர் அழுத்தி அழுத்திப் பார்ப்பார்கள், வட்டம் வரவே வராது. அது நல்ல நேரம், அவசரப்படுத்தாதீர்கள்.

ஒரு தடவைக்கு நாலைந்து பேர் போதும், மீதிப் பேருக்கு வேறு வேலை கொடுத்துவிடுவேன். பத்துப் பன்னிரண்டு பொருளுக்கு மேல் வைத்தால் தேடுவது போய் அள்ளுவது ஆகிவிடும். கோலிக்குண்டு, பட்டன், சின்ன பேட்டரி எதுவும் கண்ணில் படும் இடத்தில் இருக்கக் கூடாது, எலுமிச்சம்பழ அளவுக்குக் கீழே நான் எதையும் வைப்பதில்லை. பழைய பிளாஸ்டிக் வடிவங்களைத் தூக்கிப் போடவில்லை, சுற்றிக் கோடு போட்டு வரையக் கொடுக்கிறேன், அதற்கு அருமையாக உதவுகின்றன.

இத்தனைக்கும் பிறகு தீராத குறை முக்கோணம். வகுப்பறையில் முக்கோணமே கிடைப்பதில்லை, நானாக ஒட்டி வைத்தவைதான், அதிலும் தலைகீழாக ஒட்டினால் பாதிப் பேர் பொட்டு வைக்க மாட்டார்கள். ஒல்லியாக, சாய்ந்து நின்றால் யாருமே வைக்க மாட்டார்கள். இப்போது வாரத்துக்கு ஒன்றாகத் திருப்பித் திருப்பி ஒட்டுகிறேன், மூலைகளை எண்ணச் சொல்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுக்கொள்கிறார்கள். கோடை விடுமுறை கழிந்து யூகேஜிக்குப் போன குழந்தைகளிடம் கேட்டுப் பார்த்தேன். கூம்பு என்ற பெயர் பெரும்பாலும் மறந்துவிட்டது, எதற்குப் பொட்டு, எது கூடைக்கு என்பது மட்டும் மறக்கவில்லை.

போன மாதம் ஒரு பையன் படியின் அடியை ஒற்றாமல், படுக்கவைத்து மாவில் உருட்டித் தரையிலும் உருட்டிவிட்டான். நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை விழுந்தது. "செவ்வகமுங்க மிஸ், குழாய்க்குள்ள இருந்துச்சு" என்று கத்தினான். எல்லாரும் ஓடி வந்தார்கள். உடனே இன்னொருத்தி நூல் கோனை உருட்டினாள், அது நேராகப் போகாமல் வளைந்து வளைந்து அவள் காலடிக்கே திரும்பி வந்தது. தரையில் விசிறி மாதிரி ஒரு தடம். இதற்குப் பெயர் என்னங்க மிஸ் என்றார்கள். நீங்களே ஒரு பேர் வையுங்கள் என்றேன், முறுக்கு என்று வைத்தார்கள், அதன்மேல் ஆளுக்கொரு பொட்டும் வைத்தார்கள்.