டவுனுக்குள்ளேயே ஓடும் கார்: நெடுஞ்சாலை ஓட்டமா, வீட்டு சார்ஜரா, புது பேட்டரியா?

பாளையங்கோட்டை மகாராஜநகரில் இருக்கும் என் சித்தப்பாவிடம் ஒரு சின்ன பெட்ரோல் கார், 35 ஆம்பியர்-அவர் பேட்டரியோடு. வாரத்தில் இரண்டு சாயங்காலம் பத்து நிமிஷம் போய், பத்து நிமிஷத்தில் திரும்பி வருவார். மற்ற நாளெல்லாம் வண்டி போர்ட்டிகோவில்தான். மாதம் தவறாமல் ஜம்ப் கேபிளோடு யாராவது வந்து நிற்க வேண்டியிருந்தது. மெக்கானிக்கோ, "அண்ணாச்சி, பேட்டரிய மாத்திருங்க" என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டார்.

மாற்றுவதற்கு முன் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். செல்ஃப் அடிப்பதில் பேட்டரி ரொம்ப இழப்பதில்லை. 150 ஆம்பியர் இழுத்தாலும் அது இரண்டு விநாடிதான். நிற்கும்போதுதான் இழப்பு. அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 40 மில்லிஆம்பியர் குடித்தால் நாளுக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர்-அவர், வாரத்துக்கு 7. ஓடும்போது என்ன ஏறுகிறது? ஹெட்லைட், ஏசி ப்ளோயர், ரேடியேட்டர் ஃபேன் மூன்றும் போட்டுக்கொண்டு வண்ணார்பேட்டையில் ஊர்ந்தால், ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் தருவதில் பெரும்பங்கு அவற்றுக்கே போய்விடும். மிச்சம் 5 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும், வாரத்தின் 40 நிமிஷத்தில் ஏறுவது மூன்றரைக்கும் குறைவு. வாரம் மூன்றரைக்கு மேல் துண்டு விழுகிறது. ஐந்தாறு வாரத்தில் பாதி பேட்டரி காலி.

ஆல்டர்னேட்டர் பழுதா என்று பார்க்க மல்டிமீட்டர் ஒன்று போதும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் பெரும்பாலும் அது சரி. 13-க்குக் கீழே நின்றால் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பார்க்க வேண்டும், கீழே சொல்வது எதுவும் உதவாது. சித்தப்பா வண்டியில் 14.2. ராத்திரி முழுக்க நின்ற பிறகு காலையில் 12.1. நிறைந்த பேட்டரி 12.6-க்கு மேல் காட்டும், 12.2 என்றாலே ஏறக்குறைய பாதிதான்.

புது பேட்டரி போட்டால் சில மாதம் நிம்மதி. ஆனால் துண்டு விழும் கணக்கு மாறாததால் அதுவும் அரைகுறை சார்ஜிலேயே கிடக்கும். அப்படிக் கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகி, கொள்ளளவே சுருங்கிவிடும். நம்ம ஊர் வெயில் அதை இன்னும் விரைவுபடுத்தும். பல ஆயிரம் ரூபாயைக் கொட்டி அதே பாதையில் இன்னொன்றை அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை.

வாரம் ஒரு தடவை நாங்குநேரி வரை போய்வருவது பலரும் சொல்லும் யோசனை. போகவர 60 கிலோமீட்டர், சுமார் 4 லிட்டர் பெட்ரோல். நன்றாக இருக்கும் பேட்டரியை அப்படியே காப்பாற்ற இது போதும். பாதி இறங்கியதை நிறைக்கப் போதாது. ஈய-அமில பேட்டரி முதலில் கடகடவென்று வாங்கிக்கொள்ளும், முக்கால்வாசி ஏறியதும் தானே குறைத்துக்கொள்ளும். கடைசிக் கால்பங்குக்குப் பல மணி நேரம் வேண்டும். ஜம்ப் போட்டதும் கன்னியாகுமரி சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு "சார்ஜ் ஆயிட்டு" என்று நம்புகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

அதனால் என் ஓட்டு வீட்டு சார்ஜருக்கு. 4 ஆம்பியர் அளவில், நிறைந்ததும் தானே குறைத்துக்கொள்ளும் வகை போதும். ஒரு ராத்திரிக்கு அரை யூனிட் மின்சாரம்கூட ஆகாது. காற்றோட்டமான இடமாக இருக்கட்டும், ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் பக்கத்தில் பீடி, சிகரெட் ஆகாது. முதலில் சிவப்பு கிளிப்பை பாசிட்டிவில் மாட்டி, கறுப்பை பேட்டரியை விட்டுத் தள்ளி வண்டியின் இரும்பு பாடியில் மாட்டி, அதற்குப் பிறகே பிளக் சுவிட்சைப் போட வேண்டும். கழற்றும்போது சுவிட்ச், கறுப்பு, சிவப்பு என்று தலைகீழ். சித்தப்பாவுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு ராத்திரி என்று வைத்துக்கொடுத்தேன். அதற்குள் பத்துப் பதினொரு ஆம்பியர்-அவர்தான் இறங்கும், செல்ஃப் தடுமாறாது.

அபார்ட்மென்டில் வண்டி அருகே பிளக் இல்லாதவர்களுக்கு மட்டும் வேறு வழி. முதலில் பேட்டரியைக் கடையில் கொடுத்து முழுதாக ஏற்றி வாங்க வேண்டும். அப்புறம் வாராவாரம் நெடுஞ்சாலை, இல்லையென்றால் நாள்கணக்கில் நிற்கும்போது நெகட்டிவ் முனையைக் கழற்றி வைப்பது. கடிகாரமும் ரேடியோவும் மறந்துவிடும், அலாரமும் வேலை செய்யாது.

முழுதாக ஏற்றிய பேட்டரி இரண்டே நாளில் 12.3-க்கு இறங்கினால் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கினால் பேட்டரியே போய்விட்டது, மெக்கானிக் சொன்னதுதான் சரி. கழற்றினதும் நிலையாக நின்றால் ஏதோ ஒன்று கரண்டைத் திருடுகிறது. வண்டி வாங்கிய பிறகு மாட்டிய டேஷ்கேம், ஜிபிஎஸ், ஸ்டீரியோ இவற்றின் வயரிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.