சப்ளையர் ஆள் எடுக்க 'மார்க் ஷீட்' வாங்கி ஏமாந்த கதை

எங்களுடையது 12 டேபிள் உள்ள டிபன் கடை. போன மாதம் ஒரு சப்ளையர், ஒரு கிச்சன் ஹெல்பர் தேவைப்பட்டார்கள். ஹோட்டல்களுக்கு ஆலோசனை சொல்பவர் என்று வந்த ஒருவர், நேர்காணல் கேள்விகளும் மார்க் ஷீட்டும் 3,500 ரூபாய்க்குத் தந்தார். பணம் கொடுத்த பிறகுதான் முழுசாகப் படித்துப் பார்த்தேன். என் தப்புதான்.

அது ஏதோ நட்சத்திர ஹோட்டலுக்குப் போட்டது. மொத்தம் 100 மார்க். ஆங்கிலத்துக்கு 25, தோற்றத்துக்கு 20, 'ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்' என்ற கேள்விக்கு 15, அனுபவத்துக்கு 30, ஒத்துழைப்புக்கு 10. தட்டு தூக்கத் தெரியுமா என்று பார்க்க ஒரு மார்க்கும் இல்லை. சப்ளையருக்கும் ஹெல்பருக்கும் ஒரே தாள்.

சரி, காசு கொடுத்தாச்சே என்று அதையே வைத்து மார்க் போட்டேன். பேச்சில் கெட்டிக்காரரான ஒருவர் 78 வாங்கினார். ஆங்கிலம், தோற்றம், ஐந்து வருடக் கனவு மூன்றிலேயே 51. கூச்சப்பட்டுப் பேசிய இன்னொருவருக்கு அந்த மூன்றிலும் சேர்த்து 18, மொத்தம் 43. முதல் ஆளை எடுத்தேன். ஞாயிறு காலை கூட்டத்தில் ஆறு பேர் டேபிளில் ஆர்டரைத் திருப்பிச் சொல்லாமல் போய், ரவா தோசைக்குப் பதில் ஊத்தப்பம் கொண்டுவந்தார். ஒன்பதாம் நாள் 4,000 ரூபாய் அட்வான்ஸோடு காணோம். முன்பு வேலை பார்த்ததாகச் சொன்ன கடைக்கு அப்புறம்தான் போன் போட்டேன். அப்படி ஒருவர் அங்கே இருந்ததே இல்லை.

இப்போது கேள்விகளைக் குறைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் வேலை செய்யவைத்துப் பார்க்கிறேன். அந்த நேரத்துக்குக் கூலியும் உண்டு. சப்ளையரிடம் ஆறு பேர் ஆர்டரைச் சொல்வோம். கேட்காமலே திருப்பிச் சொன்னால் 2, கேட்டபின் சரியாகச் சொன்னால் 1, மாற்றிச் சொன்னால் 0. எதற்கு எத்தனை என்பதைத் தாளிலேயே எழுதிவைத்தால்தான் ஆளுக்கு ஆள் மார்க் மாறாது. பாதிப் பந்தியில் சாம்பார் தீர்ந்தால் என்ன செய்வாய் என்றும் கேட்பேன். ஹெல்பரிடம் இரண்டு கிலோ வெங்காயம் கொடுத்துவிட்டு, வேகத்தைவிட, வேலை தொடங்குமுன் கை கழுவுகிறாரா, முடிந்ததும் பலகையைத் துடைக்கிறாரா என்று பார்ப்பேன். சுத்தத்தில் 0 என்றால் மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் வேண்டாம். நானும் மாஸ்டரும் தனித்தனியாக மார்க் போட்டு அப்புறம்தான் ஒப்பிடுவோம்.

வாங்கிய தாளில் இன்னொரு ஓட்டை. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கச் சொன்ன அது, வயதுச் சான்றைக் கேட்கச் சொல்லவில்லை. உணவைத் தொடுகிறவர்களுக்கு வருடம் ஒருமுறை எடுக்க வேண்டிய மருத்துவச் சான்று பற்றியும் பேச்சில்லை.

விற்றவரைக் கேட்டதற்கு, இன்னும் 1,500 கொடுத்தால் 'சின்னக் கடை' தாள் தருகிறேன் என்றார். அந்த 43 மார்க் தம்பியைத் தேடிப் போய்க் கூப்பிட்டேன். அடுத்த தெரு மெஸ்ஸில் நாலு தட்டைக் கையில் அடுக்கிக்கொண்டே, "இங்க சம்பளம் ஜாஸ்திண்ணே" என்றார்.