ஐந்து பேரின் கொப்பி, ஒரு வினா அட்டைத் தொகுதி: மட்டையா, Anki-யா?

உயர்தர உயிரியலுக்காக கிளிநொச்சியில் ஐந்து பேர் சேர்ந்து படிக்கிறோம். ஒருவருடைய கொப்பியை இன்னொருவர் வாங்கிக்கொண்டு போய் அதிலிருந்து கேள்வி எடுத்து அட்டை எழுதுவார், சனிக்கிழமை ரியூசன் முடிந்ததும் முறை வைத்து ஆளையாள் கேட்போம். அட்டையை மட்டையில் கையால் எழுதுவதா, போனில் Anki என்ற வினா அட்டைச் செயலியில் போடுவதா என்று நிறைய வாதாடி, இரண்டையும் பாவித்துப் பார்த்து, கடைசியில் மட்டைக்கு வந்தோம். குழுவாகக் கேட்டுப் படிப்பதற்கு மட்டைதான் என்பது என் முடிவு, அதனால் கீழே அதைப் பற்றித்தான் கூடுதலாக எழுதியிருக்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். Anki-க்கு ஆண்ட்ராய்டு போனில் காசு இல்லை, ஐபோனில் காசு கட்ட வேண்டும். போனில் தேடுவது சுலபம், பஸ்ஸில் பரந்தன் போய்ச் சேருவதற்குள் கொஞ்சம் படித்துவிடலாம். மட்டைக்கு சார்ஜ் வேண்டாம், சிறுநீரகத்தியின் படத்தை நினைத்தபடி கீறலாம். இன்னொன்று, சேர்மார் தரும் குறிப்புகள் பல இன்னும் பாமினி எழுத்துருவில் இருப்பதால் அப்படியே போனில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும், யூனிகோடுக்கு மாற்றித்தான் போட வேண்டும்.

இவை எதுவும் எங்கள் முடிவைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது ஒரே விஷயம்: பிழையான அட்டையைத் திருத்துவது. ஐந்து கொப்பிகளில் இருந்து கேள்வி எடுக்கும்போது ஒரே கேள்விக்கு இரண்டு விடை வருவதைத் தவிர்க்க முடியாது. கலச்சுவாசத்தில் அப்படி ஒன்று வந்தது. ஒரு குளுக்கோசு மூலக்கூறில் இருந்து மொத்தம் எத்தனை ATP என்ற கேள்விக்கு, அண்ணாவின் பழைய குறிப்பை வைத்துப் படிப்பவரின் கொப்பியில் 36 அல்லது 38, மற்றவர்களிடம் 30 அல்லது 32. இரண்டு பேரும் கவனமாகத்தான் எழுதியிருந்தார்கள். பழைய கணக்கில் ஒரு NADH-க்கு 3, ஒரு FADH2-க்கு 2 என்று எடுப்பார்கள், புதிய கணக்கில் ஏறக்குறைய 2.5 உம் 1.5 உம். 10 NADH, 2 FADH2, நேரடியாகக் கிடைக்கும் 4 ATP என்று போட்டுப் பாருங்கள், பழைய முறையில் 30 + 4 + 4 = 38, புதிய முறையில் 25 + 3 + 4 = 32. கிளைக்கோபகுப்பில் வரும் இரண்டு NADH-இன் இலத்திரன்கள் இழைமணிக்குள் FADH2 வழியாகப் போனால் 36, 30 என்று இரண்டு குறையும். சேரிடம் காட்டி 30 அல்லது 32 என்று முடிவெடுத்தோம், கணக்கையும் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிவிட்டோம்.

மட்டையில் இந்தத் திருத்தம் அந்த இடத்திலேயே முடிந்தது, ஏனென்றால் அந்தக் கேள்விக்கு உலகத்திலேயே ஒரு அட்டைதான் இருக்கிறது. Anki-இல் ஐந்து போனிலும் ஐந்து பிரதி. ஒருவர் திருத்தி `.apkg` கோப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும், மற்ற நால்வரும் அதை மறக்காமல் இறக்க வேண்டும். இறக்கினால் பழைய அட்டை புதுப்பிக்கப்படும், அதுவரை படித்த கணக்கும் அழியாது, அந்த வசதி நல்லதுதான். ஆனால் இடையில் வேறொருவர் தன் போனில் அதே அட்டையைத் தொட்டிருந்தால், சாதாரண அமைப்பில் பிந்தித் திருத்தியதுதான் நிற்கும், மற்றது சத்தமில்லாமல் போய்விடும். யார் போனில் எந்த விடை இருக்கிறது என்று அடுத்த சனிக்கிழமை கேள்வி கேட்கும்போதுதான் தெரியவரும், அப்போது படிப்பு நின்று வாக்குவாதம் தொடங்கும். எல்லோரும் ஒரே Anki கணக்கில் நுழைந்தால் சரிதானே என்று கேட்பார்கள், செய்யாதீர்கள். எந்த அட்டை எப்போது வர வேண்டும் என்பதை ஒரு ஆளின் நினைவை வைத்துத்தான் Anki கணிக்கிறது, ஐந்து பேர் ஒன்றாக அழுத்தினால் அந்தக் கணிப்பு யாருக்கும் பொருந்தாது.

எங்கள் அட்டை இப்படி இருக்கும். தடித்த ஏ4 மட்டையை மூன்று தரம் பாதி பாதியாக வெட்டினால் எட்டு அட்டை வரும், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. முன்பக்கம் ஒரு கேள்வி மட்டும், ஒரே விடை வரும் மாதிரி. “கலச்சுவாசத்தை விளக்குக” என்பது அட்டைக்கு ஆகாது, கேட்பவருக்குச் சரி பிழை சொல்ல முடியாமல் போகும். பின்பக்கம் விடை, கீழ் மூலையில் அட்டை எண், கொப்பிக்காரரின் முதலெழுத்து, பக்க எண். அந்த மூலைதான் முக்கியம். விடையில் சந்தேகம் வந்தால் எந்தக் கொப்பியைத் திறப்பது என்று உடனே தெரியும், கொப்பிக்காரரும் பக்கத்திலேயே இருப்பார். கொப்பிக்காரர் தன் கொப்பியில் இருந்து வந்த கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது, தீர்ப்புத்தான் சொல்லலாம் என்று ஒரு விதி வைத்திருக்கிறோம்.

Anki உண்மையாகவே வெல்லும் இடம் ஒன்று உண்டு. எனக்கு எது மறக்கிறது என்று அதற்குத் தெரியும், பிஸ்கட் ரின்னுக்குள் கிடக்கும் அட்டைக்குத் தெரியாது. தெரிந்த அட்டையைப் பின் பெட்டிக்கும் பிழைத்ததை முன் பெட்டிக்கும் தள்ளும் லைட்னர் முறை தனி ஆளுக்குத்தான் சரி, குழுவில் எனக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது. அதற்கு நாங்கள், பிழை விட்டவரின் முதலெழுத்தை அட்டையின் பின்னால் பென்சிலால் போட்டு வைக்கிறோம். அடுத்த முறை கேட்பவர் அந்த அட்டையை அவரிடமே கேட்க வேண்டும், சரியாகச் சொன்னால் எழுத்தை அழிக்கலாம். போன் செய்யும் வேலையின் முழு நுட்பமும் இதில் வராது, ஆனால் குழுவுக்குப் போதும்.

மாரியில் மட்டைக்குப் பாதுகாப்பு வேண்டும். ஜெல் பேனையால் எழுதினால் ஒரு துளி பட்டாலே விடை பரவிவிடும், சாதாரண பந்துமுனைப் பேனை தாங்கும். ரின்னை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்பதையும் முறை வைத்துக்கொள்ளுங்கள், வட்டக்கச்சியில் ஒருவரிடமே கிடந்தால் விசுவமடுக்காரர் கிழமை முழுக்க ஒன்றையும் பார்க்க மாட்டார்.

நாங்கள் பாவித்தது உயிரியலுக்கு மட்டும். இணைந்த கணிதம் மாதிரிப் படிப்படியாகச் செய்யும் பாடத்துக்கு இது எவ்வளவு உதவும் என்று என்னால் சொல்ல முடியாது. ஐந்தாறு பேருக்கு மேல் போனால், அல்லது ஆட்கள் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் பிரிந்திருந்து கூடவே முடியாது என்றால், போன்தான் வழி.

சோதினைக்குக் கிட்டவாக மட்டையில் இருந்து போனுக்குப் போவதும் நல்லது. தன் முதலெழுத்து இன்னும் அழியாமல் இருக்கிற அட்டைகளை மட்டும் ஒவ்வொருவரும் தன் போனில் போட்டால் போதும். அப்போது ஓர் உரைக் கோப்பில் அட்டை எண்ணையே முதல் கட்டத்தில் போடுங்கள், இடையில் டாப் விட்டு:

```
உ-41	கிளைக்கோபகுப்பில் தேறிய ATP எத்தனை?	2 (4 உருவாகும், 2 செலவாகும்)
```

கணினியில் உள்ள Anki-இல் இதை இறக்கும்போது முதல் கட்டத்தை வைத்துத்தான் பழைய அட்டை எது என்று அது கண்டுபிடிக்கும். அங்கே கேள்வியைப் போட்டுவிட்டுப் பிறகு கேள்வியில் ஒரு எழுத்தைத் திருத்தி இறக்கினாலும் அது புது அட்டையாகச் சேர்ந்து, பழையதும் கூடவே கிடக்கும். எண்ணைப் போட்டால் கேள்வி, விடை இரண்டையும் எத்தனை தரமும் திருத்தலாம். இதற்கு மூன்று கட்டம் உள்ள அட்டை வகை ஒன்றை முதலில் உருவாக்கி, முன்பக்கத்தில் இரண்டாவது கட்டமும் பின்பக்கத்தில் மூன்றாவது கட்டமும் தெரியும்படி அமைக்க வேண்டும்.