சத்துமாவு திரும்பப் பெறும் அறிவிப்பு: ‘தரக் காரணம்’ என்று மட்டும் போட்டிருந்தால் நம்பாதீர்கள்

பிரபலமான ஒரு சத்துமாவு நிறுவனம் போன மாதம் தன் 500 கிராம் பாக்கெட்டுகளில் ஒரு பேட்சைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, புகார் விசாரணையில் இருக்கிறது. ஆனால் அந்த அறிவிப்பு எழுதப்பட்ட விதத்தால் என் அக்கா மகனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. அவனுக்கு ஏழு வயது, நிலக்கடலை ஒவ்வாமை உண்டு.

அறிவிப்பின் தொனி அவ்வளவு அமைதி. “சில தரக் காரணங்களுக்காக, முன்னெச்சரிக்கையாக, நாங்களே முன்வந்து” என்று ஆரம்பித்து, வாடிக்கையாளர் நலனே முக்கியம் என்று முடிந்தது. என்ன கோளாறு, யாருக்கு ஆபத்து என்று ஒரு வரிகூட இல்லை. அமைதியாக எழுதுவது நல்லதுதான், மக்கள் பதறக்கூடாது. ஆனால் காரணத்தைச் சொல்லிவிட்டு அமைதியாக இருக்க வேண்டும். மாவில் நிலக்கடலை கலந்திருக்கிறது என்று எழுதியிருந்தால், ஒவ்வாமை இல்லாத வீட்டுக்காரர்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள், அக்கா அன்றே அதைத் தூக்கிப் போட்டிருப்பாள்.

அடுத்தது பேட்ச் எண். அக்கா வீட்டுப் பாக்கெட்டில் அதே எண்தான், ஆனால் கடைசியில் கூடுதலாக ஓர் ஆங்கில எழுத்து இருந்தது. அக்கா உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்டாள். “அந்த எழுத்து இருந்தா உங்க பேட்ச் இல்ல மேடம், தாராளமா கொடுக்கலாம்” என்றார்கள். மறுநாள் காலைக் கஞ்சி குடித்த கொஞ்ச நேரத்தில் பையனுக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அவசரப் பிரிவில் உடனே அட்ரினலின் ஊசி போட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறான்.

பிறகு நிறுவனம் திருத்திய அறிவிப்பு வெளியிட்டது. அந்தக் கடைசி எழுத்து எந்த ஷிப்டில் பாக்கெட் போட்டார்கள் என்பதற்கான குறியாம். எல்லா எழுத்தும் அந்தப் பேட்சில் அடக்கம். காரணமும் அப்போதுதான் வந்தது. கடலை கலந்த இன்னொரு மாவை அரைத்த அதே இயந்திரத்தைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் இதை அரைத்திருக்கிறார்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மிகச் சிறிய அளவு கடலையே போதும், கஞ்சியாகக் கொதிக்க வைத்தாலும் அது போகாது. அதனால்தான் நம் நாட்டு லேபிள் விதிகள் நிலக்கடலை, பால், சோயா, மீன், முட்டை போன்றவை இருந்தால் தனியாகக் குறிப்பிடச் சொல்கின்றன. இந்தப் பாக்கெட்டில் கடலை என்ற பேச்சே இல்லை.

பணம் திரும்பக் கேட்டபோது இன்னொரு கூத்து. பில் வேண்டும், பிரிக்காத பாக்கெட் வேண்டும் என்றார்கள், அதற்கும் பணமாக இல்லை, அடுத்த முறை வாங்கக் கூப்பன் தருவார்களாம். சாப்பிட்டுப் பாதித்தவரிடம் பிரிக்காத பாக்கெட் எப்படி இருக்கும்? 2025 ஜனவரியில் பதஞ்சலி ஃபுட்ஸ் 200 கிராம் மிளகாய்த்தூள் பாக்கெட்டுகளில் ஒரு பேட்சை, சுமார் 4 டன், திரும்பப் பெற்றது. பூச்சிக்கொல்லி எச்சம் வரம்பைத் தாண்டியது என்று காரணம் சொன்னார்கள், வாங்கிய இடத்திலேயே கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

நம் வீடுகளில் பெரும்பாலும் மாவை டப்பாவில் கொட்டிவிட்டுக் கவரை எறிந்துவிடுகிறோம். பேட்ச் எண், தயாரித்த தேதி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் எல்லாம் கவரோடு போய்விடும். பேட்ச் எண் பெரும்பாலும் ஒட்டுப் பகுதியிலோ பின்பக்கமோ மங்கலாக அச்சடித்திருக்கும், கையில் ஈரம் பட்டால் அழிந்துவிடும். அந்தப் பகுதியை வெட்டி டப்பாவுக்குள் போடுங்கள், இல்லையென்றால் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அக்காவிடம் கவர் இருந்ததால்தான் புகாரே கொடுக்க முடிந்தது. மிச்ச மாவையும் கொட்டவில்லை, கவரோடு கட்டி எடுத்து வைத்தோம். பரிசோதனைக்கு அதுதான் சான்று.

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் கவர் படம், ஆஸ்பத்திரிச் சீட்டு, இரண்டு அறிவிப்புகளையும் அனுப்பினோம். பண விஷயத்துக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தனியாகப் பதிந்தோம். அதற்கு அப்புறம்தான் நிறுவனம் பில் இல்லாமலேயே முழுத் தொகையையும் வங்கிக் கணக்கில் போட்டது. மருத்துவச் செலவு பற்றி இன்னும் பதில் இல்லை.

இன்னொன்று. நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போன் நம்பரோடு புகார் எழுதியிருந்தோம். பிறகு “ரீஃபண்ட் பிரிவிலிருந்து பேசுகிறோம்” என்று ஒருவர் கூப்பிட்டு யுபிஐ பின்னை அடிக்கச் சொன்னார். நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் நம்பரை அடிக்கவே தேவையில்லை. கேட்டால் உடனே போனை வைத்துவிடுங்கள்.