நன்றி சொல்லும் செய்தியிலேயே தாழ்ப்பாளையும் நினைவூட்டலாமா?

சென்னையில் ஒரு வாடகை வீடு. குளியலறைச் சுவருக்குள் போகும் பைப்பின் எல்போ கசிந்தது. காலையில் சொன்னதற்கு உரிமையாளர் அன்று மாலையே பிளம்பரை அனுப்பி எல்போவை மாற்றிக் கொடுத்துவிட்டார். பால்கனிக் கதவுத் தாழ்ப்பாள் மட்டும் மூன்று வாரமாக அப்படியே நிற்கிறது. இந்த நிலையில் நன்றி சொல்ல வாட்ஸ்அப்பைத் திறப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு: நன்றியை மட்டும் அனுப்பிவிட்டுத் தாழ்ப்பாளைப் பிறகு கேட்பது, இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது, ஒரே செய்தியில் இரண்டு பத்தியாகப் பிரித்துச் சொல்வது.

முதல் வழி பார்க்க நாகரிகமானது. "சார், பிளம்பரை உடனே அனுப்பினதுக்கு ரொம்ப நன்றி" என்றதும் அவர் கைகூப்பிய படம் ஒன்றை அனுப்புவார், பேச்சு முடிந்துவிடும். ஒரு வாரம் கழித்துத் தாழ்ப்பாளைப் பற்றி எழுதினால் அது புதுப் புகாராகத்தான் போய்ச் சேரும். "இப்பதானே பைப் பார்த்துக் குடுத்தேன்" என்று அவருக்குத் தோன்றுவதில் தப்பில்லை. அவர் வீட்டு வேலையாக ஆள் வைத்துப் பேசிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மூன்று நாள்தான் இன்னொரு ஆளையும் கூப்பிடச் சுலபமான நேரம். அது கைவிட்டுப் போகிறது.

இரண்டாவது வழியில்தான் பலர் எழுதுகிறார்கள்:

"பைப் சரி பண்ணினதுக்கு நன்றி சார். ஆனா போன மாசமே சொன்ன அந்தத் தாழ்ப்பாள் இன்னும் பார்க்கலையே. மறந்துட்டீங்கன்னு நினைக்கிறேன். கொஞ்சம் சீக்கிரம் பாருங்க."

இதைக் கெடுப்பவை நான்கு சொற்கள். "ஆனா" வந்ததும் முன்னால் சொன்ன நன்றி வெறும் முன்னுரையாகிவிடுகிறது. "போன மாசமே", "பார்க்கலையே" இரண்டிலும் இருக்கும் ஏகாரம் நேருக்கு நேர் பேசும்போது சிரிப்போடு போய்விடும், எழுத்தில் குத்தும். "மறந்துட்டீங்க" என்பது அவர் மனதில் என்ன இருந்தது என்று நாமே தீர்ப்புச் சொல்வது. இவ்வளவையும் படித்த பிறகும் எந்தத் தாழ்ப்பாள், அதற்கு என்ன ஆயிற்று, ஆள் எப்போது வரலாம் என்று அவருக்குத் தெரியாது.

மூன்றாவது வழி இப்படி இருக்கும்:

"வணக்கம் சார். காலையில் சொன்னதும் அன்று சாயங்காலமே பிளம்பரை அனுப்பினீர்கள், மிக்க நன்றி. ஒரு நாள் முழுக்கப் பார்த்தோம், கசிவு இல்லை. அவர் குப்பையையும் கூட்டி எடுத்துப் போனார்.

ஜூன் 20 அன்று பேசிய பால்கனிக் கதவு ஒன்று பாக்கி இருக்கிறது. தாழ்ப்பாள் உடையவில்லை. கதவு இறங்கியதால் கம்பி, சட்டத்தில் உள்ள துளைக்குச் சுமார் 4 மி.மீ. கீழே இடிக்கிறது. மேல் கீல் ஸ்க்ரூ ஆடுகிறது, படம் வைத்திருக்கிறேன். சனி அல்லது ஞாயிறு காலை 10 மணிக்கு மேல் கார்பெண்டர் வந்தால் வீட்டில் இருப்போம். நீங்கள் சரி என்றால் நானே ஆள் பார்த்து, கூலி எவ்வளவு என்று கேட்டுச் சொல்கிறேன்."

மூன்றில் இதுவே சிறந்தது என்பது எங்கள் முடிவு. 'ஆனால்' என்ற சொல் இதில் இல்லை. ஒரு வரி இடைவெளி அந்த வேலையைச் செய்துவிடுகிறது. 'போன மாசமே' என்ற இடத்தில் ஒரு தேதி மட்டும் இருக்கிறது. தேதி யாரையும் குறை சொல்லாது, பதிவாகவும் நிற்கும். "முடிஞ்சா பாருங்க", "நேரம் கிடைக்கும்போது" என்று இழுத்தால் அந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது. இரண்டு நாளைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்க விட்டால் "ஞாயிறு அனுப்புறேன்" என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும்.

தாழ்ப்பாளை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் உண்டு. "தாழ்ப்பாள் சரியில்லை" என்று மட்டும் எழுதினால், வருகிறவர் கடையில் புதுத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கி வந்து அதே இடத்தில் அடித்துவிட்டுப் போவார். கதவு இறங்கியிருக்கும்வரை புதியதும் அதே 4 மி.மீ. கீழேதான் இடிக்கும். கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்தைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். மேல் கீல் அசைந்தால் ஸ்க்ரூ பிடிப்பு விட்டிருக்கிறது. ஓட்டையில் மரச்சிம்பும் மரப்பசையும் வைத்து அடைத்தோ, நீளமான ஸ்க்ரூ போட்டோ இறுக்கினால் கதவு மேலேறும், பழைய தாழ்ப்பாளே விழும். தூரத்திலிருந்து கதவு முழுக்கத் தெரிய ஒரு படம், கம்பி இடிக்கும் இடத்தைக் கிட்டத்தில் ஒரு படம் போதும்.

கேட்கும் தொனிக்கு இன்னொரு காரணம் சட்டத்தில் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பராமரிப்பு வேலைகளை இரு தரப்புக்கும் பிரித்து வைத்திருக்கிறது. பைப் மாற்றுவதும் வயரிங்கும் உரிமையாளர் பக்கம். குழாய் வாஷர், சுவிட்ச், கதவின் கைப்பிடி, பூட்டு போன்றவை வாடகைதாரர் பக்கம். ஆகவே பைப்புக்குச் சொல்லும் நன்றி, அவர் காட்டிய வேகத்துக்கு. 'உடனே', 'அன்றே' என்ற சொற்கள் செய்தியில் இருக்க வேண்டும். தாழ்ப்பாளோ அவர் கட்டாயம் செய்தாக வேண்டியது என்று அடித்துச் சொல்ல முடியாத பொருள். உரிமையோடு அதட்டிக் கேட்டால், விஷயம் தெரிந்த உரிமையாளர் அட்டவணையைக் காட்டிவிடுவார். உங்கள் ஒப்பந்தத்தில் சில்லறை ரிப்பேர் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள். "நானே ஆள் பார்க்கிறேன்" என்ற கடைசி வரியும் இதற்காகத்தான். அவர் "சரி" என்று எழுத்தில் சொல்லாமல் கூலியை வாடகையில் கழிக்க வேண்டாம்.

போனில் சொல்வதா, எழுதுவதா? உரிமையாளர் வயதானவர், மாடியிலேயே இருக்கிறார் என்றால் நன்றியை நேரில் போய்ச் சொல்வதே அழகு. "அன்னைக்கே ஆள் அனுப்பிட்டீங்க மாமா" என்று வாசலில் நின்று சொல்வதற்கு எந்தச் செய்தியும் ஈடாகாது. அப்போதும் தாழ்ப்பாள் பத்தியை மட்டும் அன்று மாலை எழுதி அனுப்பிவிடுங்கள். அவர் அதையே கார்பெண்டருக்குத் தள்ளிவிடலாம். வாயால் சொன்னது அவர் வழியாகப் போகும்போது மறுபடியும் "ஏதோ தாழ்ப்பாளாம்" என்று சுருங்கிவிடும்.

எந்த வழியானாலும் பிளம்பர் படியிறங்கிய கையோடு அனுப்ப வேண்டாம். சிபிவிசி பைப்பை ஒட்டும் பசை இறுகச் சில மணி நேரம் ஆகும், அதன் பிறகுதான் முழு அழுத்தத்தில் தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் விட்ட பிறகு அன்றிரவு எல்போவுக்கு நேர் கீழே ஒரு காய்ந்த செய்தித்தாளை மடித்து வையுங்கள். காலையில் அதில் ஒரு ரூபாய் அளவு ஈரவட்டம் இருந்தாலும் ஒட்டு சரியில்லை என்று பொருள். அன்று எழுத வேண்டியது நன்றி அல்ல, பிளம்பரை மறுபடி அனுப்பச் சொல்வதுதான். முதல் நாளே "சூப்பரா முடிஞ்சிருச்சு சார்" என்று எழுதிவிட்டு மறுநாள் கசிவைச் சொன்னால், பிளம்பர் அந்த வரியைக் காட்டியே கூலியை இன்னொரு முறை கேட்பார்.

ஞாயிறும் போய் ஆள் வரவில்லை என்றால் புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை. திங்கள் மாலை அதே செய்தியை அழுத்திப் பிடித்து, அதற்கு ரிப்ளையாக ஒரே வரி: "சார், கார்பெண்டருக்கு இந்தச் சனிக்கிழமை சரிவருமா?"