W1209-ஆ, STC-1000-ஆ: கொருக்குப்பேட்டை கரண்டுக்கு எது தாங்கும்?

தெர்மோகோல் பெட்டியில் ஐம்பது நாட்டுக்கோழி முட்டை அடை வைக்க நினைக்கிறவர்கள் பல்பைப் போட்டு அணைத்துப் பெட்டியின் சூட்டை நிலையாக வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கடையில் கேட்டால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். STC-1000 நேராக 220 வோல்ட்டில் ஓடும், மூடிய பெட்டியாக வரும். W1209 வெறும் போர்டு, 12 வோல்ட் கேட்கும். நான் வடசென்னை கொருக்குப்பேட்டையில் மொட்டைமாடி அறையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் ஹிஸ்டெரிசிஸ். பல்பு அணைகிற சூட்டுக்கும் மறுபடி எரிகிற சூட்டுக்கும் நடுவில் விடும் இடைவெளிதான் அது. இரண்டு கருவியுமே, வெப்பமூட்டும்போது, நாம் வைத்த அளவில் அணைத்துவிட்டு, இடைவெளி அளவு கீழே இறங்கியதும் போடும். STC-1000-இல் இதை F2-இல் வைக்க வேண்டும், குறைந்தபட்சம் 0.3. W1209-இல் P1. அது கடையிலிருந்து வரும்போது 2.0 ஆக இருக்கும். 37.7 டிகிரி வைத்துவிட்டு P1-ஐத் தொடாமல் விட்டால், 35.7 வரை இறங்கின பிறகுதான் பல்பு எரியும். சராசரி 37-க்கும் கீழே போய்விடும், 21-ஆம் நாள் வர வேண்டிய குஞ்சு 23-ஆம் நாள் தள்ளாடிக்கொண்டு வரும். என் முதல் அடை இப்படித்தான் போனது. P0-வும் குளிர்விக்கும் முறையான C என்றிருக்கும், அதை வெப்பமூட்டும் முறையான H ஆக மாற்றாவிட்டால் சூடு ஏற ஏற பல்பு எரியும்.

சரி, 0.1 வைத்தால் இன்னும் நிலையாக இருக்குமே என்று தோன்றும். ஆனால் பல்பைப் போட்டு அணைக்கும் சுவிட்சான ரிலே ஓயாமல் டிக் டிக் என்று அடித்து, சீக்கிரம் தேய்ந்துவிடும். 0.3 போதும். பல்பு அணைந்த பிறகும் அதன் சூடு கொஞ்ச நேரம் வெளியே வந்துகொண்டிருப்பதால் காற்று 38 வரை போகும். முட்டைக்குள் அவ்வளவு ஆட்டம் போகாது.

இங்கே பெரிய தொல்லை வோல்டேஜ். மாலையில் எங்கள் தெருவில் 180-க்கு இறங்கிவிடும். 25 வாட் குண்டு பல்பு அப்போது ஏறக்குறைய 17 வாட்தான் தரும். ஜனவரி விடியலில் என் பெட்டிக்கு 20 வாட்டுக்கு மேல் தேவைப்படுகிறது. ஆக, பல்பு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், சூடு மட்டும் இறங்கும். ரிலே சத்தமே இல்லாமல் பல்பு தொடர்ந்து எரிந்தால், தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்லாதீர்கள், பல்பின் வாட் போதவில்லை. ஒன்றுக்குப் பதில் இரண்டு போட்டால் 180-இலும் 34 வாட் கிடைக்கும். ஒன்று ஃபியூஸ் போனாலும் அடை ஒரேயடியாக ஆறிவிடாது. அப்புறம், STC-1000-க்கு 220-இல் பத்து சதவீதம் கூடுதல் குறைவுதான் அனுமதி, அதாவது கீழே 198. 180-இல் அதன் ரிலேயை நம்ப முடியாது.

இந்த இடத்தில்தான் W1209 முந்துகிறது. பெட்டி முழுவதையும் 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடலாம். கார் இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு இரண்டு, சின்ன விசிறி ஒன்று, 7 ஆம்பியர்-மணி பேட்டரி, பேட்டரியை எப்போதும் நிறைவாக வைத்திருக்கும் 5 ஆம்பியர் ஃப்ளோட் சார்ஜர். தெரு வோல்டேஜ் ஆடினாலும் பல்புக்குத் தெரியாது. கரண்ட் போனால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தாக்குப்பிடிக்கிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மட்டும் STC-1000 எடுங்கள், வயரிங் சுலபம். அதில் குளிர்விக்கும் ரிலே ஒன்று தனியாக உண்டு, வெயில் காலத்தில் வெளியேற்றும் விசிறிக்கு உதவும். ஆனால் அறையே 39 ஆனால் அந்த விசிறியாலும் ஒன்றும் ஆகாது, பெட்டியைக் கீழ்வீட்டுக்கு இறக்க வேண்டியதுதான்.

ஈரப்பதத்தை இரண்டுமே பார்க்காது. நம் பக்கத்துக்கு அது பெரிய குறை இல்லை. 30 டிகிரியில் 75 சதவீத ஈரமுள்ள காற்று 37.7-க்குச் சூடானால் தானாகவே ஏறக்குறைய 50 சதவீதத்துக்கு வந்துவிடும். முதல் 18 நாளுக்கு அதுதான் வேண்டும். கடல்காற்று வராமல் மேல்காற்று அடிக்கிற மே மாத நாட்களில் 40-க்குப் பக்கத்தில் இறங்கும், அப்போது ஒரு கிண்ணம் தண்ணீர். கடைசி மூன்று நாளும் 65-க்கு மேல் வர, அகலத் தட்டில் ஸ்பாஞ்சை நனைத்து வைக்க வேண்டும். ஆழமான பாத்திரம் பயனில்லை, ஈரம் நீர்ப்பரப்பிலிருந்துதான் வரும்.

W1209 போர்டைப் பெட்டிக்கு வெளியே, மூடிய டப்பாவில் வையுங்கள். உப்புக்காற்று சாலிடரை அரித்துவிடும். எந்தக் கருவியானாலும் ரிலே ஒட்டிக்கொண்டு அணையாமல் போகலாம். அதற்காகப் பழைய கேப்சூல் தெர்மோஸ்டாட் ஒன்றை 38.8-க்கு வைத்து, பல்பு வயரிலேயே வரிசையாகச் சேர்த்திருக்கிறேன். ரிலே ஒட்டினாலும் அது துண்டித்துவிடும்.