14 மாதம், 3 பேன்ட்: உட்கார்ந்தே இருப்பவனுக்குத் தைத்த பேன்ட் பற்றி

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனேன். காரில் போக வர ஒன்பது மணி நேரம், மண்டபத்தில் மூன்று மணி நேரம். எனக்கு முதுகுத்தண்டில் டி12 மட்டத்தில் அடி, வீல்சேரில்தான் இருக்கிறேன், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது, அதனால் எதுவும் தெரியவில்லை. ராத்திரி வழக்கம்போலக் கண்ணாடி பிடித்துப் பார்த்தபோது இடது புட்டத்தில் 'ட' எழுத்தை அச்சடித்த மாதிரி ஒரு தடம், பின் பாக்கெட்டின் கீழ் மூலை எங்கே இருந்ததோ சரியாக அங்கே. மூன்றாம் நாள் தோல் உரிந்தது. ஏழு வாரம் குப்புறப் படுத்துக் கிடந்தேன்.

எழுந்து உட்கார்ந்த பிறகு செய்த முதல் வேலை அந்த ஜீன்ஸைப் பிரித்துப் பார்த்ததுதான். கவட்டையில் நான்கு தையலும் ஒரே புள்ளியில் வந்து சேர்கிறது. ஜீன்ஸில் ஓரத்தை ஒன்றுக்குள் ஒன்று மடித்து அடிப்பதால் ஒவ்வொரு தையலிலும் துணி நாலு மடிப்பு, அதெல்லாம் கூடுகிற இடம் சுண்டைக்காய் மாதிரி கெட்டியாக இருந்தது. நடக்கிற ஆளுக்கு அந்த முடிச்சு தொங்கிக்கொண்டிருக்கும், நான் அதன் மேலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

இருப்பது திருப்பூர், அதனால் ஆள் தேட வேண்டியதில்லை. எங்கள் தெரு முனையில் தையல் கடை வைத்திருக்கிற தம்பி முன்பு ஒரு பனியன் கம்பெனியில் பேட்டர்ன் வெட்டியவர். விஷயத்தைச் சொன்னதும், "பின்னாடி ஏத்தி, முன்னாடி எறக்கி வெட்டுனா ஹேங்கர்ல மாட்டறப்ப கோணலாத் தெரியுங்ண்ணா, என்ன தையல்னு பாக்கறவங்க கேப்பாங்க" என்று தயங்கினார். டொரொண்டோவில் இஸ்ஸி கமிலெரி என்ற வடிவமைப்பாளர் 2009-ல் வீல்சேர்க்காரர்களுக்கென்றே துணி வரிசை தொடங்கியவர், அவர் செய்த பேன்ட் படங்களைப் போனில் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, சரி, உட்கார்ந்தபடியே அளவெடுக்கலாம் என்றார்.

அளவெடுத்ததை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது. இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொண்டேன். என் வீல்சேரிலேயே, என் மெத்தை மேலேயே உட்கார்ந்து, முன்பக்கம் கயிற்றிலிருந்து கவட்டை வரை 9 அங்குலம். பின்பக்கத்துக்குக் கட்டிலில் ஒருக்களித்து, முழங்காலை உட்காரும் கோணத்தில் மடக்கிப் படுத்துக்கொண்டேன், தம்பி கவட்டையிலிருந்து கயிறு வரை டேப் பிடித்தார், 17½. என்னிடம் இருந்த 32 சைஸ் ரெடிமேட் பேன்ட்டில் இதே அளவு முன்னால் 11, பின்னால் 15. கூட்டிப் பார்த்தால் 26, எனக்கு வேண்டியது 26½. மொத்தத்தில் அரை அங்குலம்தான் வித்தியாசம்! பிரச்சினை துணி பற்றாததில்லை, முன்னால் இருக்க வேண்டாத 2 அங்குலம் மடியில் மூட்டையாக நிற்கிறது, பின்னால் 2½ அங்குலம் பற்றாமல் பட்டி கீழே இறங்கி முதுகு தெரிகிறது. இத்தனை வருஷம் ஒரு சைஸ் பெரிதாக வாங்கி வாங்கி ஏமாந்தது இதனால்தான்.

நீளமும் அப்படித்தான். முழங்கால் மடங்கினால் துணி மேலே ஏறும், கணுக்கால் தெரியும், குளிர்காலத்தில் கால் ஐஸ் மாதிரி ஆகிவிடும். பக்கவாட்டு நீளத்தில் 2 அங்குலம் கூட்டினோம். முழங்காலுக்குப் பின்னால் துணி மடிந்து கசங்காமல் இருக்க அங்கே மட்டும் கொஞ்சம் குறைத்து வெட்டினார்.

முதல் பேன்ட் ஆசையாகப் போட்டேன், தோல்வி. குற்றம் என்னுடையது. 2½ போதும் என்று டேப் சொன்னதை நம்பாமல், "கொஞ்சம் தாராளமாவே இருக்கட்டும் தம்பி" என்று 4 அங்குலம் கூட்டச் சொன்னேன். முதுகு மூடியது, வசதியாகத்தான் இருந்தது. ஆனால் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு நகரும்போது மிச்சத் துணி அடியில் மடிந்து கொசுவமாகிவிடும், உணர்ச்சி இல்லாதவனுக்கு அது தெரியவும் தெரியாது. நாலாம் நாள் தொடையின் மேல்பகுதியில் இரண்டு கோடு. தையலை ஒழித்துவிட்டு அதே வேலையைச் செய்கிற மடிப்பைக் கொண்டுவந்து வைத்திருந்தேன். பிரித்துக் குறைத்தோம். கூட்டுகிற முறையும் முக்கியம்: பின்பக்கப் பேட்டர்னைப் புட்டத்தின் மேல்மட்டத்தில் குறுக்கே வெட்டி, நடுவில் 2½ அங்குலம் விரித்து, பக்கத் தையலில் பூஜ்யமாக முடிக்க வேண்டும், விசிறியை விரிக்கிற மாதிரி. பட்டியில் நேராகக் கூட்டினால் பக்கவாட்டிலும் துணி ஏறி இடுப்பில் அள்ளி நிற்கும்.

தடத்தைப் படிப்பது பற்றி ஒரு வார்த்தை. ராத்திரி பேன்ட்டைக் கழற்றினதும் கண்ணாடியில் பார்க்கிறேன். வட்டமாக இருந்தால் எலும்புக்கும் மெத்தைக்கும் உள்ள தகராறு, பேன்ட் மேல் பழி போடாதீர்கள். நேர்கோடு என்றால் தையல், வளைந்து நெளிந்த கோடு என்றால் மடிப்பு. விரலால் அழுத்தி வெளுக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். நம் நிறத்தில் சிவப்பும் தெரியாது, வெளுப்பும் சரியாகத் தெரியாது. நான் புறங்கையை வைத்துப் பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். அரை மணியில் அடங்கவில்லை என்றால் அன்றைக்கு அந்த இடத்தின் மேல் உட்காருவதில்லை.

இரண்டாவது பேன்ட்டில்தான் தையலுக்கு வந்தோம். பின் பாக்கெட் கிடையாது, குறுக்குத் தையல் கிடையாது, லேபிள் கிடையாது. கவட்டையில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்தோம், அதனால் நான்கு தையலும் ஒரே புள்ளியில் சேராமல் விலகிப் போகின்றன. உள்தொடைத் தையலை 1½ அங்குலம் முன்பக்கமாகத் தள்ளியதில் அது தொடைக்கு அடியில் போகாமல் மேலே தெரிகிற பக்கம் வந்துவிட்டது. நடுவில் வருகிற பின் தையலை ஒழிக்க முடியவில்லை, வடிவம் அதில்தான் இருக்கிறது. அது உட்காரும் எலும்புகள் இரண்டுக்கும் நடுவே விழுவதால் நிமிர்ந்து உட்கார்ந்தால் தொந்தரவில்லை. சரிந்து உட்கார்ந்தால் வால் எலும்பின் மேல் நேராக வரும், நான் சாயங்காலம் சரிகிற ஆள். அதனால் அந்தத் தையல் எப்படிப் போடப்படுகிறது என்பது எனக்கு முக்கியம்.

தட்டையான தையலுக்கு ஃபிளாட்லாக் என்று பெயர். கடைகளில் ஃபிளாட்லாக் என்றால் பெரும்பாலும் ஓவர்லாக் அடித்து, அதை ஒருபக்கம் சாய்த்து, மேலே அடிக்கிறார்கள். பார்க்கத் தட்டையாக இருக்கும், விரலை ஓட்டினால் ஒரு பக்கம் மூன்று மடிப்பு மேடு தெரியும். விளையாட்டு உடுப்பு தைக்கிற யூனிட்களில் 4 ஊசி 6 நூல் மெஷின் இருக்கிறது, அது இரண்டு ஓரத்தையும் சேர்த்து வெட்டித் தட்டையாகவே இணைத்துவிடும். தம்பி தெரிந்த இடத்தில் கெஞ்சி அடித்து வாங்கிவந்தார். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் தையல் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. தொடங்கும் முடியும் இடத்தில் முன்னும் பின்னும் அடிக்கிற கட்டுத்தையல் மட்டும் மிளகு மாதிரி உறுத்தும், அதைப் பட்டி வரை கொண்டுபோய் முடிக்கச் சொல்லுங்கள். இதற்கு ஒரு விலை உண்டு: இந்தத் தையலில் ஒரு நூல் அறுந்தால் வரிசையாக அவிழும். எட்டாம் மாதம் வீல்சேரின் பக்கத் தகட்டில் உரசி உரசி இடது பக்கம் நாலு விரல் நீளம் திறந்துகொண்டது.

பூட்டும் விஷயத்துக்கு வருவோம். நான் ஒரு நாளைக்கு ஐந்து முறை கதீட்டர் போட்டுச் சிறுநீர் எடுக்கிறேன். ரெடிமேடில் ஜிப் 6 அங்குலத்தில் நின்றுவிடும், உட்கார்ந்திருந்தால் அதன் அடிமுனைக்குக் கீழேதான் வேலை. இதில் ஜிப்பைப் பட்டியிலிருந்து கவட்டைத் துண்டு வரை முழுக்க இறக்கினோம், 8 அங்குலம், உள்ளே ஒரு துணி மறைப்பு. பிளாஸ்டிக் ஜிப்தான் வேண்டும், உலோகப் பல் தோலில் பட்டுக் கீறினாலும் எனக்குத் தெரியாது. இழுப்பானில் ஒரு கயிற்று வளையம். முன்பு கழிப்பறையில் பேன்ட்டை இறக்கி ஏற்றவே பத்து நிமிஷம் போகும், இப்போது இறக்கவே வேண்டியதில்லை. முழு பேன்ட்டிலும் இந்த ஒன்றுக்காகவே காசு கொடுப்பேன்.

பட்டியில் முதலில் வெல்க்ரோ வைத்தது தப்பு. மூன்று மாதம் நன்றாகப் பிடித்தது, அப்புறம் துவைக்கத் துவைக்க நூலும் முடியும் அடைந்து பிடிப்பு போய்விட்டது, முரட்டுப் பக்கத்தின் ஓரம் வயிற்றில் சொரசொரவென்று தேய்த்துக்கொண்டே இருந்தது. ஒட்டிவைத்துத் துவைத்தால் ரொம்ப நாள் உழைக்கும் என்கிறார்கள், நம் வீட்டில் யார் ஒவ்வொரு தடவையும் பார்த்து ஒட்டுவது? தட்டை பேன்ட் ஹூக் இரண்டாக மாற்றிவிட்டேன், அதற்கப்புறம் புகார் இல்லை. என் விரல்கள் நன்றாக வேலை செய்கின்றன, அதனால் சரி. கழுத்தில் அடிபட்ட நண்பர் ஒருவர் இதே பேட்டர்னில் தைத்தார், அவருக்குக் காந்தப் பட்டன், இடுப்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரல் நுழைகிற வளையம். முதல் வாரமே ஒரு வளையம் பிய்ந்தது, ஏனென்றால் பட்டியில் மட்டும் அடித்திருந்தார்கள். உடம்பின் பாதி எடையை அதில்தான் இழுக்கிறோம், பக்கத் தையலோடு சேர்த்து அடிக்க வேண்டும். காந்தம் வைப்பதற்கு முன்னால் பேஸ்மேக்கரோ தலையில் நீர் வடிக்கிற ஷன்ட்டோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாக்கெட் ஒன்றே ஒன்று, வலது தொடையின் மேல்பக்கம், முழங்காலுக்கு 5 அங்குலம் மேலே, ஜிப்போடு. பக்கப் பாக்கெட்டில் வைத்த சில்லறை நழுவித் தொடைக்கு அடியில் போய்விடும், ஒரு ரூபாய் நாணயம் போதும் புண் வர. போனை அதில் வைப்பேன், ஆனால் பவர் பேங்க்கோடு சேர்த்து வைக்கமாட்டேன், சூடு ஏறினால் தெரியாது.

துணி பற்றி இன்னும் சமாதானம் ஆகவில்லை. இரண்டாவது பேன்ட் கனமான இன்டர்லாக் காட்டன், லைக்ரா கலந்தது. உட்கார இதம், ஆனால் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற வைக்கிற மாற்றுப் பலகையில் நகரும்போது துணி பலகையைப் பிடித்துக்கொள்கிறது, உள்ளே தோல் இழுபடுகிறது. ஐப்பசி மழையில் காய இரண்டு நாள். மூன்றாவதை பாலியஸ்டர் விஸ்கோஸ் கலந்த நெய்த துணியில் தைத்தோம், பலகையில் வழுக்கிக்கொண்டு போகிறது, ஆபீசுக்குப் பார்க்கவும் லட்சணம். ஆனால் நெய்த துணியில் அந்தத் தட்டைத் தையல் நிற்காது, ஓரம் பிரியும், அதனால் ஓவர்லாக் அடித்து இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போட்டு வைத்தார். சித்திரையில் வியர்த்து ஈரமாகி, அந்த விரித்த ஓரம் ஒருமுறை திரும்பி மடிந்துகொண்டது, அன்று மறுபடி கோடு.

கூலி 900, துணி தனி, மெஷின் அடிக்க 150. நாலாவதுக்கு இப்போது துணி கொடுத்திருக்கிறேன்: முன்பக்கமும் பக்கமும் நெய்த துணி, உட்காருகிற பின்பக்கம் மட்டும் வழுக்கலான பாலியஸ்டர் நிட். இரண்டு துணியும் சேர்கிற தையல் தொடையின் பக்கவாட்டில், சக்கரத்துக்கு நேராக வருகிறது. அது உரசி அறுமா என்று கேட்டேன். "அங்க மட்டும் மேல ஒரு பட்டி வெச்சு அடிக்கறேங்ண்ணா, அறுந்தா அது மொதல்ல அறுகட்டும்" என்றார் தம்பி. வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.